ரீல்ஸில் கறுப்புப் பட்டை: எங்கே ஒட்டிக்கொண்டது என்று கண்டுபிடித்த கதை

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களுக்கு எடிட்டிங் செய்து கொடுப்பதுதான் என் வேலை. சில வருடங்களுக்கு முன்புவரை ஒரு முழு வீடியோ, ஒரு ஹைலைட்ஸ், அதோடு முடிந்தது. இப்போது ரீல்ஸ் இல்லாமல் ஆர்டரே வருவதில்லை. மணமக்கள் வீட்டில் முதலில் கேட்பதும் அதைத்தான். ஹைலைட்ஸ் படுக்கைவாட்டுப் படம், ரீல்ஸ் நிமிர்ந்த படம். ஒன்றை அப்படியே இன்னொன்றாக மாற்றும்போதுதான் கறுப்புப் பட்டையும் வெட்டுப்பட்ட தலையும் வருகின்றன. இங்கே சொல்லப்போவது அப்படி ஒரு ரீலைப் பற்றி. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கோளாறுகள் அதில் இருந்ததால் எழுதி வைக்கத் தோன்றியது.

எனக்குப் பழக்கமான ஒரு ஸ்டூடியோக்காரர் போன் செய்தார். "தம்பி, மாப்பிள்ளை வீட்ல ஒரே சத்தம். ரீல்ஸ்ல மேலயும் கீழயும் கறுப்பா வருதாம், நடுவுல கோடு மாதிரிதான் படம் தெரியுதாம். நம்ம பையன் ரெண்டு தடவை மாத்திக் குடுத்துட்டான். போகவே மாட்டேங்குது" என்றார். "அண்ணே, ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். அவன் ரெண்டர் எடுத்த ஃபைலையே டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க" என்றேன்.

டாக்குமெண்டாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி அளவை மாற்றிவிடும். அதை வைத்து அளவு பார்ப்பது வீண். ஸ்கிரீன்ஷாட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைய போன்களில் பலவற்றின் திரை 9:16 விடவும் உயரமானது. 1080 அகலம், 2400 உயரம் உள்ள திரையில் 1080 x 1920 வீடியோவை கேலரியில் திறந்தால், மேலே 240, கீழே 240 புள்ளி கறுப்பாகத்தான் நிற்கும். அது நம் தவறு அல்ல, வீடியோவுக்கு வெளியே மிச்சமிருக்கும் வெறும் திரை. இந்தப் புகாரைக் கேட்டுப் பயந்து, கேன்வாஸையே 1080 x 2400 ஆக்கிவிடும் எடிட்டர்களும் இருக்கிறார்கள். அந்தப் போனில் அழகாகத் தெரியும். 9:16 இடத்தில் போட்டதும் பக்கவாட்டில் பட்டை வரும், அல்லது தலையும் காலும் வெட்டுப்படும்.

அதனால் பட்டை ஃபைலுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று முதலில் தெரியவேண்டும். கம்ப்யூட்டரில் ஃபைலின் பிராப்பர்ட்டீஸைப் பார்த்தாலே அகலமும் உயரமும் தெரியும். எனக்கு ffprobe பழக்கமானதால் அதில் பார்ப்பேன்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height -of csv=p=0 reel.mp4
```

1080,1920 என்று வந்தது. சரி, ஃபைலின் சட்டம் நிமிர்ந்துதான் இருக்கிறது. 1920,1080 என்று வந்திருந்தால் வேலை சுலபம், எக்ஸ்போர்ட்டே படுக்கைவாட்டில் போயிருக்கிறது என்று அங்கேயே முடித்திருக்கலாம். (அப்படிப்பட்ட ஃபைலை யூடியூப்பில் ஏற்றினால் ஷார்ட்ஸாகவே எடுத்துக்கொள்ளாது. சதுரமோ நிமிர்ந்ததோதான் அங்கே ஷார்ட்ஸ். "ஷார்ட்ஸ்ல வரலையே" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும்.)

சட்டம் சரி, உள்ளே பட்டை. அப்படியானால் பட்டை எவ்வளவு? கண்ணால் பார்த்து "நிறைய" என்று சொல்வதைவிட அளந்துவிடுவது நல்லது. எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

```
ffmpeg -i reel.mp4 -vf cropdetect=24:2:0 -f null -
```

இது கறுப்பாக இல்லாத பகுதியின் அளவை வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போகும். நடுவில் இருக்கும் 2 என்பது அளவை இரட்டைப்படையாக மட்டும் திருத்தச் சொல்வது. அதைக் கொடுக்காவிட்டால் 16-இன் மடங்காக மாற்றிச் சொல்லும், கணக்கு உதைக்கும். இருட்டான காட்சிகளில் இது ஏமாறும் என்பதால், நல்ல வெளிச்சமுள்ள ஷாட்டுகள் ஓடும் இடத்தில் வரும் வரியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ரீலில் crop=1080:460:0:730 என்று வந்தது. அதாவது 1920 உயரத்தில் படம் இருப்பது 460 மட்டும்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. 1920 x 1080 படத்தை 1080 அகலத்துக்குள் முழுசாக அடக்கினால் உயரம் சுமார் 608 வரவேண்டும். மேலே 656, கீழே 656 கறுப்பு. படுக்கைவாட்டு டைம்லைனை நிமிர்ந்த அளவில் எக்ஸ்போர்ட் செய்தால் வரும் வழக்கமான எண் இதுதான், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். ஆனால் இங்கே 460. மிச்சம் 148 புள்ளி எங்கே போனது? 1080-ஐ 2.35-ஆல் வகுத்தால் சுமார் 460. ஹைலைட்ஸில் சினிமாப் படம் போலத் தெரியவேண்டும் என்று மேலும் கீழும் வைக்கும் பட்டையின் விகிதம் அது. ஆக, இரண்டு ஜோடிப் பட்டைகள் இருக்கின்றன. ஒன்று எடிட்டர் விரும்பி வைத்தது, மற்றது தானாக வந்து சேர்ந்தது. இரண்டும் கறுப்பு என்பதால் ஒரே பட்டையாகத் தெரிகிறது.

ரீலை ஓட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கேமரா ஷாட்டுகளுக்கு மேலும் கீழும் மட்டும் கறுப்பு. ரீலுக்கென்று புதிதாகச் சேர்த்த போன் ஷாட்டுகளுக்கோ நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால் தலை அளவுக்குப் படம். இது தெளிவான அடையாளம். நிமிர்ந்து எடுத்த போன் கிளிப் படுக்கைவாட்டு டைம்லைனுக்குள் போனதும் 608 அகலத்துக்குச் சுருங்கி இரண்டு பக்கமும் கறுப்பு வாங்கிக்கொள்கிறது. பிறகு அந்த டைம்லைன் முழுவதும் 1080 அகலத்துக்குள் சுருங்கும்போது அது 342 அகலமாகிவிடுகிறது. நிமிர்ந்து எடுத்து, நிமிர்ந்து வெளியிட்ட படம், நடுவில் ஒருமுறை படுத்ததால் திரையில் பத்தில் ஒரு பங்கு இடத்துக்கு வந்துவிட்டது. கேமரா ஷாட்டில் மேலும் கீழும் மட்டும் கறுப்பும் போன் ஷாட்டில் நாலு பக்கக் கறுப்பும் ஒரே வீடியோவில் இருந்தால், எக்ஸ்போர்ட் அளவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், டைம்லைனைத் தொடவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

புராஜெக்டை அனுப்பச் சொல்லித் திறந்து பார்த்தேன். டாவின்சி ரிசால்வ். ஹைலைட்ஸ் டைம்லைனை டூப்ளிகேட் எடுத்து, வெட்டிச் சின்னதாக்கி, Deliver பக்கத்தில் மட்டும் 1080 x 1920 கொடுத்திருந்தான் பையன். ரிசால்வ் முதல் கிளிப்பை உள்ளே இழுக்கும்போது, ஃப்ரேம் ரேட் பொருந்தாவிட்டால் மாற்றவா என்று கேட்கும். படத்தின் அளவைப் பற்றி எதுவும் கேட்காது. அது நாம்தான் போய்ப் பார்க்கவேண்டிய இடம். Deliver பக்கத்தில் இருப்பது கடைசியாகப் போடும் சட்டம் மட்டுமே. உள்ளே படத்தை எந்த வடிவத்தில் அடுக்குவது என்பதை முடிவு செய்வது டைம்லைன்.

திருத்தியது இப்படி. மீடியா பூலில் அந்த டைம்லைன்மேல் ரைட் கிளிக் செய்து Timelines, Timeline Settings என்று போனால் ஒரு பெட்டி திறக்கும். கீழே Use Project Settings என்பதில் டிக் இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் புராஜெக்ட் செட்டிங்கிலேயே மாற்றினால் அதே புராஜெக்டில் இருக்கும் ஹைலைட்ஸும் நிமிர்ந்துவிடும். அடுத்து Format பகுதியில் Use vertical resolution டிக் செய்து, 1080 x 1920 வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே பகுதியில் Mismatched Resolution என்று ஒன்று இருக்கிறது. அதுதான் முக்கியம். Scale entire image to fit என்று விட்டால் படம் முழுதும் தெரியும், பட்டையும் வரும். Scale full frame with crop என்று மாற்றினால் திரை நிரம்பும், ஓரங்கள் போகும். Stretch என்று தொடங்குவதைத் தொடவே வேண்டாம், மணமகள் ஒல்லிக்குச்சியாகிவிடுவார். இத்தனை மாற்றத்தையும் எடிட் முடிந்த பிறகும் செய்யலாம். ஃப்ரேம் ரேட்டைத்தான் டைம்லைனில் கிளிப் விழுந்தபின் மாற்ற முடியாது. அளவை மாற்றலாம்.

மாற்றியதும் படம் நிரம்பியது. ஆனால் மேலும் கீழும் 234 புள்ளி உயரத்தில் இன்னும் கறுப்பு. பையனிடம் பேசியபோதுதான் புரிந்தது. அவனும் முதல் தடவையிலேயே டைம்லைனை நிமிர்த்தி, Scale full frame with crop-உம் போட்டுப் பார்த்திருக்கிறான். "அண்ணா, மாத்தினேன், அப்பவும் பட்டை இருந்துச்சு. அப்ப செட்டிங் இது இல்லைன்னு பழையபடி வெச்சுட்டேன்" என்றான். சரியான மருந்தைக் கொடுத்துவிட்டு, நோய் முழுசாகப் போகவில்லை என்று மருந்தை நிறுத்திவிட்டான். அவன்மேல் குற்றமில்லை. இரண்டு காரணங்கள் ஒரே மாதிரித் தெரியும்போது ஒன்றைச் சரி செய்தாலும் சரி செய்ததாகவே தோன்றாது. அளந்து பார்த்திருந்தால் 730 ஆக இருந்த பட்டை 234 ஆகக் குறைந்தது கண்ணில் பட்டிருக்கும்.

இந்த 234 எங்கிருந்து வந்தது? மேல் டிராக்கில் ஒரு PNG படம், ஹைலைட்ஸுக்காக வைத்த 2.35 பட்டை. 1920 x 1080 படத்தில் மேலே சுமார் 131, கீழே சுமார் 131 கறுப்பு, நடுவில் ஒன்றுமில்லை. டைம்லைன் நிமிர்ந்ததும் அதுவும் மற்ற கிளிப்புகளைப் போலவே 1.78 மடங்கு பெரிதாகி 234 ஆகிவிட்டது. அந்த டிராக்கை அணைத்ததும் போய்விட்டது. சிலர் PNG வைக்காமல் Timeline மெனுவில் Output Blanking வழியாகப் பட்டை போடுவார்கள். அது டிராக்கில் தெரியாது, அந்த மெனுவில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது கோளாறு இதற்குப் பிறகு வெளியே வந்தது. ஹைலைட்ஸிலிருந்து வந்த சில போன் ஷாட்டுகளில் நெற்றியும் மூக்கும் மட்டும் தெரிந்தன. Inspector-இல் Zoom 3.16 என்று இருந்தது. படுக்கைவாட்டு டைம்லைனில் பக்கவாட்டுக் கறுப்பை மறைக்க, 608 அகலத்தை 1920 ஆக்க, பையன் கையால் ஏற்றிய எண் அது. அந்த இடத்தில் அது சரியான கணக்கு. டைம்லைன் நிமிர்ந்தபின் போன் கிளிப் தானாகவே பொருந்திவிடும், பழைய 3.16 மட்டும் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். Zoom-ஐ 1 ஆக்கியதும் முகம் முழுசாக வந்தது. நிமிர்ந்த டைம்லைனாக மாற்றும்போதெல்லாம் நான் இதை ஒரு வேலையாகவே வைத்துக்கொள்கிறேன்: கிளிப்புகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து Transform-ஐ ரீசெட் செய்துவிட்டுப் பிறகுதான் ஒவ்வொன்றாக இடம் பார்ப்பது. ஏற்கெனவே கீஃப்ரேம் வைத்து மெல்ல நெருங்கும் ஷாட்டுகள் இருந்தால் அவற்றை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். ரீசெட்டில் அந்த அசைவும் போய்விடும்.

டைட்டிலும் ஒரு இடத்தில் படுத்தியது. மணமக்கள் பெயர் பூவோடு வரும் அனிமேஷனைப் பையன் காம்பவுண்ட் கிளிப்பாகக் கட்டியிருந்தான். அது 1920 x 1080 டைம்லைனில் பிறந்தது, அதே சட்டத்தோடுதான் இருக்கும். வெளியே நிரப்பினால் பெயரின் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். Decompose in Place கொடுத்துப் பிரித்து, எழுத்தை இரண்டு வரியாக்கினேன். நீளமான பெயர்களை நிமிர்ந்த படத்தில் ஒரே வரியில் வைக்க ஆசைப்படக் கூடாது.

பட்டை போயிற்று. இனி வெட்டு. உண்மையில் அதிக நேரம் எடுத்தது இதுதான். Scale full frame with crop எப்போதும் நடுப்பகுதியைத்தான் எடுக்கும். 3840 x 2160 கேமரா படத்தில் நிமிர்ந்த சட்டத்துக்குள் வருவது 1215 புள்ளி அகலம், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முகூர்த்த ஷாட்டில் மாப்பிள்ளை இடது பக்கம், பெண் வலது பக்கம். நடுவில் தெரிந்தது பின்னால் நின்ற நாத்தனாரின் பட்டுப்புடவையும் அட்சதைத் தட்டும். இதற்கு Inspector-இல் Position X-ஐ நகர்த்த வேண்டும். 4கே படத்தை 1080 x 1920 டைம்லைனில் நிரப்பினால் அதன் அகலம் சுமார் 3413 ஆகும். தெரிவது 1080, மிச்சம் 2333. ஆகவே இடப்பக்கம், வலப்பக்கம் தலா 1166 வரை நகர்த்தலாம். அதைத் தாண்டினால் ஓரத்தில் கறுப்பு எட்டிப்பார்க்கும். ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தாலி கட்டும் இடத்தில் இரண்டு பேரும் ஒன்றாக வேண்டும். அங்கே இரண்டு கீஃப்ரேம் வைத்து, மாப்பிள்ளையின் முகத்தில் தொடங்கி, முடிச்சு விழும் நேரத்தில் பெண்ணின் கழுத்துக்கு மெல்ல நகர்ந்தேன். கெட்டிமேளம் ஒலிப்பதால் நகர்வு தாளத்தோடு போய்விட்டது. எல்லா ஷாட்டிலும் இப்படி நகர்த்தினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும், ஆகையால் மற்ற இடங்களில் ஒரே நிலையில் நிறுத்தினேன். தானாகவே முகத்தைத் தொடரும் வசதிகள் மென்பொருள்களில் வந்துவிட்டன. மேடையில் பத்து முகங்கள் இருக்கும்போது அவை யாரைத் தொடரும் என்பது அவற்றுக்கே வெளிச்சம்.

4கே-யில் எடுத்தது இங்கே காப்பாற்றியது. வெட்டிய 1215 அகலம் 1080-க்குச் சுருங்குவதால் படம் கூர்மையாகவே இருந்தது. இரண்டாவது கேமராக்காரர் 1920 x 1080-இல் எடுத்திருந்தார். அதில் வெட்டினால் கிடைப்பது 608 அகலம், அதை 1.78 மடங்கு இழுக்க வேண்டும். நகையின் வேலைப்பாடு, கண் மை எல்லாம் கொழகொழவென்று ஆகிவிட்டன. ஷார்ப்னஸை ஏற்றி இதைச் சரி செய்ய முடியாது, ஓரங்களில் வெள்ளைக் கோடுதான் வரும். அந்தக் கேமராவின் குளோசப்புகளைத் தவிர்த்துவிட்டு, அசைவு அதிகமுள்ள ஷாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அசைவில் கூர்மைக் குறை அவ்வளவாகத் தெரியாது.

இதே வாரத்தில் வேறொருவர், புராஜெக்டே அழிந்துவிட்டது, ரெண்டர் ஃபைல் மட்டும்தான் இருக்கிறது என்று வந்தார். நிமிர்ந்து எடுத்த மெகந்தி வீடியோ, 1920 x 1080 சட்டத்தில் இரு பக்கமும் கறுப்போடு. அதற்கு வழி உண்டு, நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம்:

```
ffmpeg -i mehndi.mp4 -vf "crop=608:1080:656:0,scale=1080:1920" -c:a copy out.mp4
```

பட்டை போய்விடும். ஆனால் படம் 608 அகலத்திலிருந்து இழுபட்டது என்பது பார்த்தாலே தெரியும். அசல் போன் கிளிப் எங்காவது இருந்தால் அதைத் தேடி மறுபடி எடிட் செய்வதே மேல். அவர் வீட்டுப் பெண்ணின் போனிலேயே இருந்தது, நல்லவேளை.

மறுபடி கல்யாண ரீலுக்கு. எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு ஷாட் மிச்சம், மேடையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்ற குரூப் ஷாட். எப்படி நகர்த்தினாலும் நாலு பேர்தான் உள்ளே வந்தார்கள். ஒரு தாய்மாமனை வெட்டினால் என்ன நடக்கும் என்று ஸ்டூடியோக்காரருக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கிளிப்பை மட்டும் Inspector-இல் Retime and Scaling பகுதியில் Scaling-ஐ Fit ஆக்கினேன். மேலும் கீழும் மறுபடி வெற்றிடம், ஆனால் இந்த முறை வேண்டும் என்றே. அதே கிளிப்பைக் கீழ் டிராக்கில் நிரப்பி வைத்து, நன்றாக மங்கலாக்கி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தேன். முன்னால் 608 உயரத்தில் எல்லாரும் இருந்தார்கள், பின்னால் அதே படத்தின் நிறம். இந்த மங்கல் பின்னணியை ரீல் முழுக்கப் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை, ஒவ்வொரு ஷாட்டையும் நகர்த்திப் பார்க்கச் சோம்பல்பட்டதுபோல இருக்கும். ஆள் வெட்டுப்படக் கூடாத ஒன்றிரண்டு ஷாட்டுக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

எக்ஸ்போர்ட் முடிந்ததும் மறுபடி cropdetect ஓட்டினேன், crop=1080:1920:0:0 என்று வந்தது. ஃபைலை அனுப்பிவிட்டு அந்தப் பையனுக்குக் காலியான ஒரு டைம்லைனையும் அனுப்பினேன். 1080 x 1920, Use Project Settings எடுத்தது, Scale full frame with crop போட்டது, மேல் டிராக்கில் எதுவும் இல்லாதது. ஹைலைட்ஸை டூப்ளிகேட் எடுக்காமல், அதிலிருந்து கிளிப்புகளை மட்டும் காப்பி செய்து இதில் போடச் சொல்லியிருக்கிறேன். ஸ்டூடியோக்காரர் அன்று சாயங்காலமே பேசினார். "இனிமே முகூர்த்தத்துக்கு ரெண்டு கேமராவும் 4கேதான் தம்பி. கார்டு செலவு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றேன்.